பாக்கெட்டில் கை, கையில் டீ கிளாஸ்: போட்டோவில் பேன்ட்டை மாற்றும்போது விரல் கெட்டுப்போனால் என்ன செய்வது

குன்னூரில் ஸ்டூடியோ வைத்திருப்பவனுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். மலையில் எடுத்த போட்டோ எதிலும் கை சும்மா தொங்காது. குளிருக்குப் பாக்கெட்டில் இருக்கும், இல்லாவிட்டால் சூடாக எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும். கீழே சமவெளியில் இருக்கிற நண்பர்கள் பேன்ட் மாற்றும் வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்பார்கள், அவர்களுக்கு வருகிற போட்டோவில் கை இரண்டும் இடுப்பைவிட்டுத் தள்ளி நிற்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

போன டிசம்பரில் ஒரு அக்கா தன் மகன் போட்டோவைக் கொண்டுவந்தார். சிம்ஸ் பார்க்கில் காலை மூட்டத்தில் எடுத்தது, முகம் அருமையாக வந்திருந்தது. நிச்சயதார்த்த ப்ளெக்ஸுக்கு அதைத்தான் போட வேண்டுமாம், ஆனால் பையன் முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ் போட்டிருந்தான். "கிழிஞ்ச பேன்ட்டோட ப்ளெக்ஸ் வெச்சா ஊரே சிரிக்கும் தம்பி, நல்ல ஆபீஸ் பேன்ட்டா மாத்திக் குடுங்க" என்றார். பையன் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டான், மறுபடி எடுக்க வழியில்லை. இடது கை ஜீன்ஸ் பாக்கெட்டில், கட்டைவிரல் மட்டும் வெளியே. வலது கையில் கண்ணாடி டம்ளரில் டீ, தொடைக்கு நேராக. இந்த வேலையில் என்னென்ன கோளாறு வருமோ அத்தனையும் அந்த ஒரே போட்டோவில் இருந்தது, அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

நான் உபயோகிப்பது ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்கிற, படம் வரையும் AI மாடல், வீட்டுக் கம்ப்யூட்டரில் AUTOMATIC1111 திரையில் `Inpaint` பகுதி, கூடவே ஒட்டு வேலைக்கு கிம்ப். துணியை மெஷின் வரையலாம், விரலை மெஷின் வரையவே கூடாது. அசல் விரல் போட்டோவிலேயே இருக்கும்போது எதற்குப் புதிதாக ஒன்று? கீழே வருகிற கோளாறுகளில் பாதி, இதை மறந்ததால் எனக்கு வந்தவை.

கோளாறு: விரல் கரைந்து மெழுகு மாதிரி ஆகிவிடுகிறது

முதலில் படத்தின் அளவைப் பாருங்கள். நம் போட்டோ 4000 × 6000 பிக்சல், பையனின் உயரம் அதில் சுமார் 3600 பிக்சல். ஒரு விரலின் அகலம் ஏறக்குறைய 36 பிக்சல் வந்தது. முழுப் படத்தையும் 768 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கி வேலை செய்தால் அந்த விரல் ஐந்து பிக்சல்கூட இருக்காது. இந்த மாடலோ படத்தை 8 × 8 பிக்சல் கொண்ட கட்டங்களாகச் சுருக்கித்தான் உள்ளே கையாளுகிறது. அதாவது ஒரு முழு விரலுக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. அதில் நகமும் மடிப்பும் எங்கிருந்து வரும்?

அதனால் `Inpaint area` என்ற இடத்தில் `Only masked` வையுங்கள். மாஸ்க் என்பது மெஷின் மாற்றி வரைய வேண்டிய இடம் என்று நாம் படத்தின்மேல் பூசிக் காட்டுவது. அப்போது மாஸ்க் இருக்கும் இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, பெரிதாக்கி, வேலை செய்து, திரும்ப ஒட்டும். ஆனால் முழு பேன்ட்டையும் ஒரே மாஸ்க்காகப் போட்டால் வெட்டுகிற சதுரமே பெரிதாகிவிடும், பிரயோஜனமில்லை. காலை மேல், கீழ் என்று பிரித்து, கை இருக்கும் இடத்தைத் தனியாக, கிட்டத்தட்ட 700 அல்லது 800 பிக்சல் சதுரமாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் `Only masked padding, pixels` என்று ஒன்று இருக்கும், வழக்கமாக 32 என்று நிற்கும். நம் படத்தில் 32 பிக்சல் என்பது ஒரு விரல் அகலம்கூட இல்லை. சுற்றியிருப்பது தெரியாமல் மெஷின் குருடாக வரையும், பாக்கெட் இருக்க வேண்டிய இடத்தில் சட்டை மடிப்பு வரும். 128க்கு மேல் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கோளாறு: பாக்கெட்டுக்கு வெளியே புதிதாக விரல் முளைக்கிறது

இது பெரும்பாலும், என்ன வரைய வேண்டும் என்று மெஷினுக்கு நாம் எழுதிக்கொடுக்கிற வாசகத்தின் வேலை. கை பாக்கெட்டில் இருக்கிறது என்று நல்லெண்ணத்தோடு எழுதிவைப்போம். அசல் கை மாஸ்க்குக்கு வெளியே பத்திரமாக இருக்க, கேட்டதற்கு மாஸ்க்குக்கு உள்ளே இன்னொரு கையை அது வரைந்து கொடுக்கும். நான் முதல் நாள் வாங்கிய ஆறு படத்தில் நான்கில் தொடைமேல் ஒரு சுண்டுவிரல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆறு விரல் வேண்டாம் என்று எதிர்மறை வாசகத்தில் எழுதிப் பார்த்தேன், பெரிய வித்தியாசம் இல்லை. கை, விரல், பாக்கெட்டில் நுழைத்த என்கிற எதுவுமே வாசகத்தில் வேண்டாம், மாஸ்க்குக்குள் வர வேண்டியது துணி மட்டும்தான்.

```
charcoal grey wool trousers, slant pocket, soft overcast light, photo
```

அப்படியும் விரல் வந்தால் மாஸ்க் கையைத் தின்றிருக்கிறது என்று அர்த்தம். படத்தை 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள், விரல் ஓரத்தில் தோல் நிறம் நாலு பிக்சல் மாஸ்க்குக்குள் மாட்டியிருக்கும். அந்தத் துளித் தோலைப் பார்த்து, மிச்ச விரலை மெஷின் தானே இட்டு நிரப்பிவிடும்.

கோளாறு: கை மணிக்கட்டோடு வெட்டி ஒட்டியது போல நிற்கிறது

இதற்குத்தான் அதிக நேரம் போகும். காரணம் இரண்டு, இரண்டும் தனித்தனி.

முதலாவது, பாக்கெட்டின் வாய் வேறு வேறு. ஜீன்ஸ் பாக்கெட் இடுப்புப் பட்டியில் ஆரம்பித்து வளைந்து இறங்கிப் பக்கத் தையலில் முடியும், கை மேலிருந்து நுழையும். இறுக்கமாக இருப்பதால் விரல் முட்டிவரைக்கும்தான் போகும், புறங்கை வெளியே தெரியும். ஆபீஸ் பேன்ட்டில் நம் டெய்லர்கள் கிராஸ் பாக்கெட் என்று சொல்வது, இடுப்பிலிருந்து பக்கத் தையலை நோக்கிச் சாய்வாக ஆறு ஆறரை அங்குலம் இறங்கும் கோடு. கை பக்கவாட்டில் நுழையும், மணிக்கட்டுவரை போய்விடும். ஜீன்ஸில் நுழைந்த கைக்கு மேலே கிராஸ் பாக்கெட்டை மெஷின் தன் இஷ்டத்துக்கு வைத்தால், கோடு ஒரு பக்கம், கை வேறு பக்கம். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ சரியில்லை என்று உடனே தோன்றும்.

கோட்டை நீங்களே போட்டுவிடுங்கள், மெஷினிடம் விடாதீர்கள். போடும்போது ஒரு கணக்கு உண்டு: கையை இன்னும் கொஞ்சம் மறைக்கலாம், மறைந்திருக்கும் கையைத் திறக்க முடியாது. பழைய பாக்கெட் வாய் எங்கே விரலை மறைத்ததோ, அதற்குக் கீழே போட்டோவில் தோலே கிடையாது. புதிய கோடு அதைவிட மேலேறி வரலாம், ஒரு இடத்தில்கூடக் கீழிறங்கக் கூடாது. இறங்கினால் அங்கே விரலைக் கற்பனை செய்தாக வேண்டும், பழையபடி மெழுகுதான்.

நம் பையனுக்கு நான் போட்ட சாய்வுக் கோடு ஆள்காட்டி விரல் முட்டியின்மேல் சுமார் 40 பிக்சலைக் கூடுதலாக மறைத்தது. நல்லதுதான், கை ஆழமாக உள்ளே போனமாதிரி ஆயிற்று. சில போட்டோவில் எந்தச் சாய்வில் போட்டாலும் சுண்டுவிரல் பக்கம் திறந்துகொள்ளும். அப்போது ஆபீஸ் பேன்ட் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டு, ஜீன்ஸ் மாதிரியே வளைந்த பாக்கெட் வைத்த காட்டன் பேன்ட்டாக மாற்றிக் கொடுத்துவிடுவேன். ஒருவரும் கேட்டதில்லை.

கட்டைவிரல் தனிக் கதை. நாலு விரல் துணிக்கு அடியில், கட்டைவிரல் துணிக்கு மேலே. எனவே கிம்பில் அசல் கையை இரண்டு லேயராக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். புறங்கை ஒன்று, கட்டைவிரல் ஒன்று. புறங்கை, அதன்மேல் புதிய துணி, அதன்மேல் கட்டைவிரல், இந்த வரிசை. ஒரே லேயராக வைத்தால் கை முழுக்கத் துணிமேல் படுத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது காரணம், உள்ளே போன கை என்ன ஆயிற்று என்பது. பாக்கெட்டில் கை இருந்தால் துணி புடைத்திருக்கும். மெஷின் வரைந்த பேன்ட் இஸ்திரி போட்டமாதிரி சப்பையாக இருந்தால், கை அந்தக் கோட்டோடு முடிந்துவிட்டது என்றுதான் கண் எடுத்துக்கொள்ளும். அந்தப் புடைப்பைக் காப்பாற்ற எனக்குச் சரிப்பட்ட வழி, பழைய ஜீன்ஸை முழுக்க அழிக்காமல் அதையே அஸ்திவாரமாக வைத்துக்கொள்வது.

அதற்கு முதலில் கிம்பில் ஜீன்ஸின் நிறத்தை எடுத்துவிட்டு, வேண்டிய சாம்பல் நிறத்துக்குக் கருக்குங்கள். பாக்கெட் மூலையில் இருக்கும் செப்புக் குமிழையும் மஞ்சள் தையலையும் குளோன் செய்து அழியுங்கள், விட்டுவிட்டால் அது புதிய பேன்ட்டில் பட்டன் மாதிரி எட்டிப்பார்க்கும். அப்புறம் `Masked content` இடத்தில் `original`, அசலை எவ்வளவு தூரம் மாற்றலாம் என்று சொல்லும் `Denoising strength` 0.5 முதல் 0.55 வரை. 0.75 என்று வழக்கமாக நிற்கிற எண்ணிலேயே ஓட்டினால் புடைப்பு போய்விடும். 0.4க்குக் கீழே இறங்கினால் டெனிமின் நெசவு அப்படியே நிற்கும், சாயம் போட்ட ஜீன்ஸ்தான் கிடைக்கும். நிறம் முன்கூட்டியே மாறிவிட்டதால் நடுத்தரமான எண்ணே போதும். முழங்கால் கிழிசலுக்கு மட்டும் தனி மாஸ்க், தனியாக 0.8. அங்கே காப்பாற்ற ஒன்றுமில்லை.

இன்னும் ஒன்று. ஜீன்ஸ் இறுக்கம் என்பதால் முட்டி ஒவ்வொன்றும் தனித்தனிக் குமிழாகத் தெரியும். கம்பளித் துணி ஆபீஸ் பேன்ட்டில் அப்படித் தெரியாது, மொத்தமாக ஒரே உருண்டையான மேடு, மேட்டின் அடியிலிருந்து பாக்கெட் வாயை நோக்கி இழுத்த ஒன்றிரண்டு மடிப்பு, வாய் இடுப்பைவிட்டுக் கொஞ்சம் விலகி உள்ளே இருட்டு. முட்டிகளுக்கு இடையிலிருந்த பள்ளத்தை நான் மங்கலாக்கிவிட்டுத்தான் மெஷினுக்குக் கொடுத்தேன். சந்தேகமிருந்தால் ஒரு ஆபீஸ் பேன்ட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள். நான் நின்றேன், கடைப் பையன் சிரித்தான்.

கோளாறு: விரலைச் சுற்றிப் பழைய துணியின் கோடு, அல்லது விரல் மிதக்கிறது

விரல் துணியைத் தொடும் இடத்தில் மெல்லிய கருப்பு நிழல் இருக்கும், இரண்டு மூன்று பிக்சல்தான். அந்த நிழல் விரலுக்குச் சொந்தமில்லை, துணிக்குச் சொந்தம். விரலைக் கவனமாக விட்டுவிடுகிறேன் என்று மாஸ்க்கை நிழலுக்கு வெளியே நிறுத்தினால், பழைய டெனிம் ஒரு கீற்றாக விரலைச் சுற்றி மிஞ்சும். நிழலை மாஸ்க்குக்குள் போட்டுவிட்டால் மெஷின் சில சமயம் நிழலே வரையாமல் விடும், விரல் மிதக்கும். இரண்டில் இரண்டாவதுதான் பரவாயில்லை, ஏனென்றால் நிழலை நாமே போடலாம். மாஸ்க் நிழலைச் சேர்த்து விரலின் விளிம்புவரை வரட்டும். `Mask blur` எவ்வளவு வைத்தாலும் அது விரல் பக்கமும் கொஞ்சம் கசியும், அதைப்பற்றிக் கவலை வேண்டாம், கடைசியில் அசல் விரல் லேயரை மேலே ஒட்டத்தான் போகிறோம்.

நிழல் போடும்போது நம் ஊர் வெளிச்சத்தை நினைவில் வைக்க வேண்டும். மூட்டத்தில் வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும், தூர விழும் நிழல் இருக்காது, தொடுகிற இடத்தில் மட்டும் கருக்கும். நான் துணிக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு `Multiply` லேயர் போட்டு, பேன்ட் நிறத்தையே இன்னும் கருக்கி, மெல்லிய தூரிகையால் ஒரு கோடு, அதன் வெளிப்பக்கத்தை மட்டும் மங்கலாக்குவேன். சுத்தக் கருப்பு வேண்டாம், புகைக்கரி பூசினமாதிரி ஆகிவிடும். மெஷின் வெயில் நிழல் மாதிரிக் கூரான ஒன்றை வரைந்து கொடுத்தால் அதை அழித்துவிடுங்கள், பின்னால் மரமெல்லாம் பனியில் கரைந்து நிற்கும்போது தொடையில் மட்டும் எப்படி வெயிலடிக்கும்?

கோளாறு: எல்லாம் சரி, விரல் மட்டும் நீலம் பாய்ந்து நிற்கிறது

ஜீன்ஸின் நீலம் விரலின் அடிப்பக்கத்தில் பட்டுத் திரும்பியிருக்கும். ஜீன்ஸ் இருந்தவரை கண்ணுக்குத் தெரியாது, பேன்ட் சாம்பல் ஆனதும் ஆள் குளிரில் விறைத்துப்போனவன் மாதிரி இருப்பான். விரலின் கீழ் விளிம்பை மட்டும் மங்கலான ஓரத்தோடு தேர்ந்தெடுத்து, நீலத்தின் அடர்த்தியைக் குறையுங்கள். கொஞ்சம்தான். குளிரில் நிஜமாகவே விரல் நுனி சிவந்திருக்கும், அதையும் சேர்த்து வெளுத்துவிட்டால் பொம்மைக் கை. பளீர் வெள்ளையிலோ காக்கியிலோ பேன்ட் மாற்றினால் வேலை கூடும், கருஞ்சாம்பலுக்கு இது ஐந்து நிமிடம்.

கோளாறு: கையில் பிடித்த பொருளும் விரலும் ஒட்டிக்கொண்டு கட்டியாகிறது

வலது கைக்கு வருவோம். இங்கே பாக்கெட் தொல்லை இல்லை, கையையும் டம்ளரையும் சேர்த்து ஒரே பொருளாக நினைத்து மாஸ்க்குக்கு வெளியே விடுங்கள். விரலை மட்டும் காப்பாற்றி டம்ளரை உள்ளே விட்டால் டம்ளர் குவளையாகும், குவளை செல்போனாகும், பிடி பொருந்தாது. பொருளின் கனத்துக்கும் தடிமனுக்கும் தகுந்துதான் விரல் வளைந்திருக்கிறது.

தொல்லை இடுக்கில்தான். மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் ஒரு முக்கோண இடுக்கு, 12 பிக்சல் அகலம் இருக்கும், அதற்குள் ஜீன்ஸ் நீலம். முதல் தடவை அதைக் கவனிக்காமலே ப்ரூப் அனுப்பிவிட்டேன், அக்காதான் போனில் "விரலுக்கு நடுவுல என்னமோ நீலமா இருக்கே, மோதிரமா தம்பி?" என்று கேட்டார். அவ்வளவு சிறிய இடத்தை மெஷினுக்குக் கொடுக்காதீர்கள், இரண்டு விரலையும் சேர்த்து ஒன்றாக்கிவிடும். பக்கத்திலிருக்கும் புதுத் துணியிலிருந்து குளோன் செய்து, கொஞ்சம் இருட்டாக்கினால் போதும். இடுக்குக்குள் வெளிச்சம் குறைவு.

அப்புறம் கண்ணாடி டம்ளர். டீ இருக்கும் மட்டத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாது, டீ மறைத்துவிடும். டீக்கு மேலே காலியாக இருக்கும் இரண்டு விரல்கடைக் கண்ணாடி வழியாகப் பின்னால் இருக்கும் ஜீன்ஸ் தெரியும், டம்ளரின் பட்டையில் வளைந்து, மங்கலாக. இதற்குப் புதுத் துணியை ஒட்ட வேண்டாம். கிம்பில் ஒரு லேயர் போட்டு, அதன் முறையை `HSL Color` ஆக்கி, அந்தப் பட்டையின்மேல் சாம்பல் நிறத்தைத் தடவினால் நிறம் மட்டும் மாறும், கண்ணாடியின் மினுக்கமும் வளைவும் அப்படியே இருக்கும். எவர்சில்வர் டம்ளர், ப்ளாஸ்க் என்றாலும் இதே வழிதான், அதன் வயிற்றில் ஜீன்ஸின் பிம்பம் நீலப் பட்டையாக நிற்கும். குடைப்பிடி, கேரட் கட்டு, வர்க்கிப் பொட்டலம் எல்லாம் இதைவிட எளிது, எதுவும் பிம்பம் காட்டாது. கேரட் கட்டில் மட்டும் இலைகளுக்கு நடுவே பேன்ட் தெரியும், அந்த இலை ஒவ்வொன்றையும் மாஸ்க் போட்டு உட்காருவதற்குப் பதில் இலைகளுக்கு நடுவே தெரிகிற நீலத்தை நிறத் தேர்வுக் கருவியால் எடுத்துக் கருக்கிவிடுங்கள்.

ஒட்டி முடித்ததும், அச்சில் எவ்வளவு பெரிதாக வருமோ அவ்வளவு பெரிதாக்கிப் பாருங்கள். ஆறடி உயர ப்ளெக்ஸில் நம் பையனின் விரல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக வந்தது, போன் திரையில் பார்த்து ஓகே சொன்ன எதுவும் அங்கே ஒளிந்துகொள்ளாது. அப்புறம் படத்தை இடவலமாகத் திருப்பி ஒருமுறை பாருங்கள். ஒரே படத்தை இரண்டு மணி நேரம் பார்த்த கண்ணுக்குப் பாக்கெட் கோடு சாய்ந்து நிற்பது அப்போதுதான் தெரியும். எனக்கு அப்படித்தான் இடது பாக்கெட் வலதைவிட அரை அங்குலம் கீழே இருந்தது அகப்பட்டது.

இந்த வேலை முழுக்க எனக்கு இரண்டு மணி நேரம். காலும் துணியும் இருபது நிமிடம், மிச்சம் அந்த இரண்டு கைகள்.

ப்ளெக்ஸ் கட்டின மறுநாள் பையனின் தாத்தா வந்தார், இதே போட்டோவில் பேன்ட்டை எடுத்துவிட்டு வேட்டி கட்டிவிடச் சொல்லி. டம்ளர் பிடித்த கை பிரச்சினையில்லை. "இந்தக் கைய எங்கங்க வைக்கிறது, வேட்டில பாக்கெட் இல்லையே" என்றேன். கொஞ்ச நேரம் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் வந்ததும் கையத் தொங்கப்போட்டு நிக்கச் சொல்றேன், நீயே எடுத்துரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.